கடாரம் சென்ற கலங்களும் அவற்றைச் செலுத்திய மாந்தரும்

கி.பி. 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திர சோழனின் படைகள் வங்கக் கடலைக் கடந்து சென்று, சுமாத்திராவிலும் மலாயாக் குடாநாட்டிலும் பரந்திருந்த சிறீவிசயப் பேரரசின் துறைமுகங்களைத் தாக்கின என்பது யாவரும் அறிந்த செய்தியாகும். இப்படையெடுப்பை விரிவாகக் கூறும் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு, வெல்லப்பட்ட பதின்மூன்று இடங்களின் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறது. சிறைப்பிடிக்கப்பட்ட மன்னன் சங்கிராம விசயோத்துங்கவர்மனின் பெயரையும், கைப்பற்றப்பட்ட யானைகளையும், பெயர்த்தெடுக்கப்பட்ட வாயில் தோரணத்தையும் அது மறவாமல் குறிப்பிடுகிறது. ஆனால் கடலை எவ்வாறு கடந்தனர் என்பதற்கு அது ஒதுக்கியிருப்பது பல கலங்கள் செலுத்தப்பட்டன என்னும் பொருள்படும் ஓரிரு சொற்கள் மட்டுமே. எத்தனை கலங்கள், எவ்வகையானவை, யாருக்குச் சொந்தமானவை, யார் அவற்றை ஓட்டினர் என்பன பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இந்த மௌனத்தை நம்மவர்கள் தத்தம் விருப்பப்படி நிரப்பிக்கொண்டுள்ளனர். புலிக்கொடி பறக்கும் ஆயிரம் போர்க்கப்பல்கள் அணிவகுத்துச் செல்லும் ஓவியம் ஒரு சாராருக்குப் பெருமிதமாகிறது. 993ஆம் ஆண்டளவில் அநுராதபுர இராச்சியம் சோழர் வசமானதையும், 1017இல் ஐந்தாம் மகிந்தன் சிறைபிடிக்கப்பட்டுச் சோழநாட்டிலேயே மாண்டதையும் நினைவிற் கொண்டுள்ள மற்றொரு சாராருக்கோ அதே ஓவியம் அச்சுறுத்தலாகிறது. ஓவியம் சரியானதுதானா என்பதை இரு சாராரும் கேட்பதில்லை. அதனை நாம் இங்கு கேட்க விரும்புகிறோம்.

முதலில் கப்பற்படை என்ற சொல்லையே சற்று ஆராய வேண்டும். தஞ்சைக் கல்வெட்டுகள் யானைப்படையினர், குதிரைச் சேவகர், வில்லாளர், வேளைக்காரர் எனச் சோழரின் படைப்பிரிவுகள் பலவற்றைப் பெயர் சுட்டிக் கூறுகின்றன. அந்நீண்ட வரிசையில் கடலுக்கென்று அமைந்த நிலையான படையொன்றின் பெயர் இல்லை. எனவே சோழரின் கலங்களிற் பெரும்பாலானவை வணிகக் கலங்களாகவே இருந்திருக்கும் என்பது இன்றைய வரலாற்றறிஞர் பலரின் முடிபாகும். போர்க்காலத்தில் அரசன் அவற்றைத் திரட்டிக்கொள்வான். போர் முடிந்தபின் அவை மீண்டும் மிளகும் கற்பூரமும் துணியும் ஏற்றச் சென்றுவிடும். சோழநாட்டு வணிகர்க்குக் கடாரம் புதிய இடமுமன்று. 1006ஆம் ஆண்டளவில் அந்நாட்டு மன்னன் நாகபட்டினத்தில் சூடாமணி விகாரை என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்பியதையும், அதற்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை வழங்கியதையும் ஆனைமங்கலச் செப்பேடுகள் சான்றுபடுத்துகின்றன. இருபது ஆண்டுகளுக்குள் நட்புப் பகையாக மாறிற்று. ஆனால் நட்புக் காலத்தில் போய்வந்த அதே வழியாலேயே, அவ்வழியை அறிந்த அதே மாலுமிகளைக் கொண்டே, படையும் சென்றது என்று கொள்வதே பொருத்தமாகும்.

அவ்வழியை வகுத்தவர் அரசருமல்லர், வணிகருமல்லர். காற்றே அதனை வகுத்தது. வங்கக் கடலில் ஆண்டின் நடுப்பகுதியில் தென்மேற்கிலிருந்தும், ஆண்டின் இறுதியிலும் தொடக்கத்திலும் வடகிழக்கிலிருந்தும் காற்று வீசுகிறது. நமது கரையோர மக்கள் முன்னதைச் சோழகம் என்றும் கச்சான் என்றும், பின்னதை வாடை என்றும் இன்றும் வழங்குகின்றனர். பாய்க்கலம் ஒன்று நாகபட்டினத்திலிருந்தோ ஈழத்துத் துறைகளிலிருந்தோ கிழக்கே செல்வதற்குச் சோழகம் வேண்டும். அங்கிருந்து திரும்புவதற்கு வாடை வேண்டும். இடைப்பட்ட மாதங்களில், குறிப்பாக ஐப்பசி, கார்த்திகையிலும் சித்திரை, வைகாசியிலும் புயல் தோன்றும் அபாயம் உண்டு.

பயண நாட்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சான்றுகள் வெவ்வேறு மொழியினரால் எழுதப்பட்டவையாயினும் வியக்கத்தக்க வகையில் ஒத்துப்போகின்றன. ஏழாம் நூற்றாண்டின் சீன பௌத்தத் துறவி இ-சிங், தம் காலத்துத் துறவியொருவர் கடாரத்தில் குளிர்காலம் முடியும்வரை காத்திருந்து, முப்பது நாட்கள் மேற்கே பயணம் செய்து நாகபட்டினத்தை அடைந்து, அங்கிருந்து இரண்டு நாட்களில் இலங்கைக்கு வந்ததாகக் குறித்துள்ளார். 851இல் எழுதப்பட்ட அரபு நூலொன்றும் கொல்லத்திலிருந்து கலாஹ் என்னும் துறைக்கு ஏறக்குறைய ஒரு மாதப் பயணம் என்கிறது. கலாஹ் என்பது கடாரமே என அறிஞர் பலர் கருதுவர். நாகபட்டினத்துக்கும் கடாரத்துக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 2300 கிலோமீற்றர். அதனை முப்பது நாட்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 77 கிலோமீற்றர், அதாவது மணிக்கு மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேல். மனிதன் நடக்கும் வேகத்திலும் அது குறைவு. நல்ல காற்றில் கலம் இதனிலும் விரைவாகச் செல்லும் என்பது உண்மையே. காற்று விழுந்துவிடும் நாட்களும் துறைகளில் தங்கும் நாட்களுமே சராசரியை இவ்வாறு தாழ்த்துகின்றன.

காத்திருப்பு எவ்வளவு பெரியது என்பதற்கு மற்றொரு சான்று உண்டு. இராசராசன் அனுப்பிய தூதுக்குழு 1015ஆம் ஆண்டில் சீன அரசவையை அடைந்தது. அக்குழு வழியிற் கழித்த காலம் 1150 நாட்கள் எனச் சீனப் பதிவேடு கூறுகிறது. ஆனால் அதே பதிவேட்டில் கட்டம் கட்டமாகத் தரப்பட்டுள்ள ஓட்ட நாட்களைக் கூட்டினால் 247 நாட்களே வருகின்றன. எஞ்சிய தொள்ளாயிரம் நாட்களும் துறைமுகங்களில், பெரும்பாலும் காற்று மாறுவதற்காகக் கழிந்தவை. இராசேந்திரனின் படையெடுப்பையும் இந்தக் கணக்கிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். சோழகத்தில் புறப்பட்ட கலங்கள் சுமாத்திராவின் வடமுனையை அடைந்தாலும், அங்கிருந்து மலாக்கா நீரிணை வழியே தெற்கே இறங்குவதற்கு வாடை தொடங்கும்வரை பொறுத்திருக்க நேரும். பின்பு அதே வாடை ஓய்வதற்கு முன் தாயகம் திரும்பியாக வேண்டும். தவறினால் மேலும் ஓராண்டு. சென்று அடித்து வெற்றியுடன் சில வாரங்களில் மீண்டனர் என்று கதைகளில் எழுதலாம். காற்று அதற்கு இடங்கொடாது.

கலங்களின் அமைப்பைப் பொறுத்தவரை, சோழர்காலப் போர்க்கலம் என்று உறுதியாகச் சுட்டத்தக்க ஒரு கலம் இதுவரை கடலடியிலிருந்து எடுக்கப்படவில்லை. ஆயினும் இந்துசமுத்திரத்தில் அக்காலத்தில் வழங்கிய கட்டுமான முறைகள் நன்கு அறியப்பட்டவை. அவற்றுள் பழமையானது தைத்துக் கட்டும் முறை. பலகைகளின் விளிம்பில் வரிசையாகத் துளையிட்டு, இரு பலகைகளையும் பொருத்தி, தேங்காய்த் தும்புக் கயிற்றினால் இறுகத் தைப்பர். பொருத்தின்மீது தும்பை வைத்துத் தைத்தபின் துளைகளையும் அடைப்பர். புறத்தே எண்ணெயும் குங்கிலியமும் கலந்து பூசுவர். இம்முறையில் முதலில் உருவாவது கலத்தின் ஓடு. உள்ளே தாங்கும் வங்குக்கால்கள் அதன் பின்னரே பொருத்தப்படும். தைத்த கலம் அலை மோதும்போது சற்று வளைந்து கொடுக்கும். மணற்றிட்டில் தட்டினாலும் எளிதில் உடையாது. ஆனால் கயிறு இற்றுப்போகும், நீர் கசியும், ஓரிரு பருவங்களுக்கொருமுறை தையலைப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். கசிந்த நீரை இறைப்பதற்கென்றே இரவு பகலாக ஆட்கள் வேண்டும். கசிவு வழமையிலும் மிகுவதே தையல் தளர்கிறது என்பதற்கு மாலுமி அறியும் முதல் அடையாளம்.

இரும்பாணி அறைந்து கட்டும் முறையும் தென்னிந்தியாவில் வழங்கிற்று. கேரளத்தில் சேர்த்தலைக்கு அண்மையில் கடக்கரப்பள்ளி என்னுமிடத்தில் நிலத்தில் புதையுண்டிருந்த மரக்கலமொன்று 2003இல் அகழ்ந்தெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 19 மீற்றர் நீளமும் தட்டையான அடிப்பகுதியும் கொண்ட அது, இரும்பாணிகளால் இணைக்கப்பட்டிருந்தது. அதன் காலம் பதினோராம் நூற்றாண்டுக்கும் பதினைந்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதாகக் கணிக்கப்பட்டுள்ளது. அது காயலிலும் கரையோரத்திலும் ஓடுவதற்கு ஏற்ற கலமேயன்றி வங்கக் கடலைக் கடப்பதற்கானதன்று. என்றாலும் தென்னிந்தியத் தச்சர் தைப்பதைத் தவிர வேறு அறியார் என்ற பழைய கருத்து இதனால் வலுவிழந்துவிட்டது.

கட்டுமரத்தையும் இங்கு குறிப்பிட வேண்டும். கட்டுமரங்களில் ஏறிச் சோழர் கடாரம் சென்றனர் என்று சிலர் எழுதிவருவது பொருந்தாது. கட்டுமரத்தின் பயன் வேறு. சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகங்கள் மிகக் குறைவு. பெரிய கலங்கள் கரையிலிருந்து விலகி நங்கூரமிட்டு நிற்க, ஆட்களும் அரிசியும் நீரும் அலையைத் தாண்டிச் சிறுபடகுகளிலேயே கொண்டுபோய் ஏற்றப்பட்டன. ஒரு படையை முழுவதுமாக இவ்வாறு ஏற்றுவது பல நாள் வேலை. கரைவாழ் மீனவர்களின் கைகொடாமல் எந்தச் சோழனும் கடலில் ஒரு யாரும் நகர்ந்திருக்க முடியாது.

ஏற்றவேண்டிய சுமையுள் பெரியது தண்ணீர். நாமே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கலத்தில் நூறு பேர் செல்கின்றனர் எனக் கொள்வோம். வெப்பமான கடலில் குடிப்பதற்கும் சமைப்பதற்குமாக ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று லீற்றர் என்பது மிகச் சிக்கனமான அளவு. முப்பது நாள் பயணத்துக்குப் பத்து நாள் சேமிப்பும் சேர்த்தால் 12,000 லீற்றர், அதாவது 12 தொன். அரிசி இரண்டரைத் தொன்னளவில் அடங்கிவிடும், விறகு வேறு. பத்தாயிரம் பேர் கொண்ட படையானால் நூறு கலங்களும் 1200 தொன் தண்ணீரும் வேண்டும். கலங்கள் பெரும்பாலும் வணிகக் கலங்களாகவே இருந்திருக்கும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். போருக்கென்று மெலிதாகவும் விரைவாகவும் கட்டப்பட்ட கலத்தில் இவ்வளவு நீருக்கு இடமேது?

ஆகவே இடைவழியில் நீர் கிடைக்கும் துறைகள் இன்றியமையாதவை. ஈழத்தின் வடக்கும் கிழக்கும் இக்கதையில் இடம்பெறுவது இதனாலேயே. 1025ஆம் ஆண்டளவில் மாதோட்டமும் திருகோணமலையும் சோழராட்சியின் கீழ் இருந்தன. திறந்த கரையையே கொண்டிருந்த சோழருக்குத் திருகோணமலை போன்ற ஆழ்கடல் துறைமுகம் கிடைத்தமை சிறிய பேறன்று. அடுத்த நீர்நிலையம் நக்கவாரம், அதாவது நிக்கோபார்த் தீவுகள். மெய்க்கீர்த்தியின் பட்டியலில் மாநக்கவாரம் இடம்பெறுவதற்கும் இதுவே காரணமாகலாம். செல்வமில்லாத அத்தீவுகளை வெல்வதில் அரசனுக்கு வேறென்ன பயன்? அத்தீவினர் சிறு ஓடங்களில் வந்து தேங்காய் முதலியவற்றைக் கொடுத்து இரும்பைப் பெற்றுச் சென்றதை அரபு நூல்களும் கூறுகின்றன.

கரை மறைந்தபின் திசையறிவது எவ்வாறு? கிழக்கு நோக்கிச் செல்வோருக்கு இயற்கையே ஒரு வசதியைச் செய்து வைத்துள்ளது. அந்தமான், நிக்கோபார், சுமாத்திரா, மலாயா ஆகியன வடக்குத் தெற்காக நீண்டதொரு மதில்போல் நிற்கின்றன. கிழக்கே செல்லும் கலம் அதனைத் தவறவிட முடியாது. மதிலின் எந்த வாயிலில் சென்று முட்டுகிறோம் என்பதே வினா. அவ்வாயில்கள் இரண்டு. அந்தமானுக்கும் நிக்கோபாருக்கும் இடையே பத்தாம் பாகையில் ஒன்று. நிக்கோபாருக்கும் சுமாத்திராவின் வடமுனைக்கும் இடையே ஆறாம் பாகையில் மற்றொன்று. நாகபட்டினம் பத்தே முக்கால் பாகையிலும், ஈழத்தின் தென்முனையான தெவிநுவர ஏறத்தாழ ஆறாம் பாகையிலும் அமைந்திருப்பதைக் கவனித்தால் ஓர் உண்மை புலனாகும். தென்முனையிலிருந்து நேர்கிழக்கே சென்றால் இரண்டாம் வாயில் தானே எதிர்ப்படும்.

அகலாங்கை அறிவதற்குத் துருவ நட்சத்திரத்தின் உயரத்தை நீட்டிய கையின் விரல்களால் அளப்பது இந்துசமுத்திர மாலுமிகளின் வழக்கம். ஒரு விரல் என்பது ஒன்றரைப் பாகைக்குச் சற்று அதிகம். கடலில் அது ஏறத்தாழ 180 கிலோமீற்றர். அளவையில் அரை விரல் பிழைத்தாலும் வாயில் தவறிவிடும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இன்று துருவத்துக்கு ஒரு பாகைக்கும் குறைவான தூரத்திலுள்ள அந்நட்சத்திரம், 1025இல் ஏறத்தாழ ஆறு பாகை விலகி நின்றது. ஆறாம் பாகையில் ஓடிய சோழர்கால மாலுமிக்கு அது ஓரிரவில் பன்னிரண்டு பாகை உயரத்திலும் தோன்றும். கீழே இறங்கும்போது தொடுவானத்தையே தொட்டுவிடும். ஆகவே அந்த ஒரு நட்சத்திரத்தை மட்டும் அறிந்திருந்தாற் போதாது. வேறெந்த நட்சத்திரங்கள் எந்நிலையில் நிற்கும்போது அதனை அளக்க வேண்டும் என்பதையும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். இவ்வறிவு ஏட்டிலன்றித் தலைமுறை தலைமுறையாகக் கப்பற்றட்டிலேயே கைமாறியது. சோழமண்டலக் கரை மாலுமிகள் முடிச்சிட்ட கயிறு கோத்த சிறு பலகையொன்றால் நட்சத்திர உயரத்தை அளந்ததையும், ஒவ்வொரு முடிச்சும் ஒவ்வொரு துறையைக் குறித்ததையும் 1850இல் ஆங்கிலேயரொருவர் கண்டு எழுதியுள்ளார்.

இத்தகைய அறிவுடையோர் எவர் என்று கேட்டால், ஓர் இனத்தாரையோ ஒரு சமயத்தாரையோ சுட்டி விடைகூற முடியாது. மாலுமி என்ற சொல்லே ஆசானைக் குறிக்கும் முஅல்லிம் என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. சுக்கானும் அரபுச் சொல்லே. மறுபுறம் கப்பல் என்னும் தமிழ்ச்சொல் மலாய் மொழியில் கபால் என வழங்குகிறது. கடலில் சொற்கள் இவ்வாறு கைமாறுவது, ஒரே தட்டில் நின்று ஒருவரையொருவர் விளித்து வேலைசெய்தவர்களிடையே மட்டுமே நிகழக்கூடியது. 849ஆம் ஆண்டின் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் சாட்சிகள் அரபு, பாரசீக எழுத்துகளில் ஒப்பமிட்டுள்ளனர். அதே செப்பேட்டில் வரும் அஞ்சுவண்ணம் என்னும் வணிகக்குழு மேற்காசிய வணிகரைக் கொண்டது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டொன்றில் சோனகன் என்ற அடைமொழியுடன் ஒருவர் குறிக்கப்படுகிறார். இந்நாட்டில் முஸ்லிம்களைச் சிங்கள மக்கள் மரக்கல என்று அழைப்பதும் கலத்தோடு அவர்கள் கொண்ட தொடர்பினால் வந்ததே.

சுமாத்திராவின் மேற்குக் கரையில் பாரூஸ் அருகே கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இதனை மேலும் தெளிவுபடுத்துகிறது. ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் பொறித்த அது, துறைக்கு வரும் கலத்தின் மரக்கலநாயனும் ஏனையோரும் கத்தூரியின் விலையைக் கொண்டு கணக்கிட்ட ஆயத்தைப் பொன்னாகச் செலுத்திய பின்னரே உள்ளே வரவேண்டும் என்கிறது. கலத்தலைவனுக்கு ஒரு பதவிப்பெயர், கலத்தினருக்கு ஒரு பெயர், வரிக்கு ஒரு விதி என்று எல்லாம் ஒழுங்குபட்டிருந்த உலகம் அது. அரசனின் படை ஏறிச் சென்றது இந்த உலகத்தின் தோள்மீதுதான்.

பாலெம்பாங் நகரைத் தாக்கியமை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சிறீவிசயத்தின் தலைநகரெனக் கருதப்படும் அந்நகர் கடற்கரையில் இல்லை. மூசி ஆற்றின் வழியே உள்நாட்டில் ஏறத்தாழ 80 கிலோமீற்றர் செல்ல வேண்டும். ஆற்றுமுகத்தில் சேறும் சதுப்பும் மாறிக்கொண்டேயிருக்கும் மணற்றிட்டுகளும் உண்டு. கடல் ஏற்றத்தின் நேரமறிந்து, ஓடையறிந்து, எதிரி அறியாமல் உட்புகுவது அங்கு பலமுறை சென்றுவந்த ஒருவன் முன்னே நின்று வழிகாட்டாமல் நடவாத செயல். சோழர் நீரிணை வழியே வராமல் சுமாத்திராவின் மேற்குக் கரையைச் சுற்றித் தெற்கிலிருந்து தாக்கியிருக்கலாம் என்று கருதுவோரும் உளர். மெய்க்கீர்த்தியில் சிறீவிசயம் முதலிலும் கடாரம் இறுதியிலும் வருவதை அவர்கள் ஆதாரமாகக் காட்டுவர். எனினும் புகழ்ப்பாட்டின் வரிசையைப் பயண நாட்குறிப்பாகக் கொள்வது நமக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

வெற்றிபெற்றவர் தம் இழப்புகளைக் கல்லில் பொறிப்பதில்லை. ஆதலால் கடற்படையெடுப்பொன்றில் நேரும் இடர்களை அறிய நாம் நமது நாட்டின் சூளவம்சத்தையே நாட வேண்டியுள்ளது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் முதலாம் பராக்கிரமபாகு மன்னன் இதே வங்கக் கடலைக் கடந்து பர்மா மீது படையனுப்பினான். கலங்களைச் செய்து முடிக்க ஐந்து மாதங்கள் சென்றதையும், ஓராண்டுக்குரிய உணவும் படைக்கலங்களும் நச்சுக் காயங்களுக்கான மருந்தும் மருத்துவரும் ஏற்றப்பட்டதையும் அந்நூல் விவரிக்கிறது. இவ்வளவு ஏற்பாட்டின் பின்னும் கலங்கள் புயலிற் சிக்கின. சில உடைந்தன, சில வேறு கரைகளில் ஒதுங்கின, ஐந்து கலங்களே ஒன்றாகக் குசுமி என்னும் துறையை அடைந்தன. இராசேந்திரனின் கலங்களுக்கு மட்டும் கடல் விதிவிலக்கு அளித்திருக்கும் என்று எண்ணுவதற்கில்லை.

சோழர் கடாரத்தில் நிலையான ஆட்சி எதனையும் அமைக்கவில்லை. ஆண்டில் ஒருமுறை காற்று திரும்பினாலன்றிச் செய்தியும் துணைப்படையும் செல்ல முடியாத நாட்டை ஆள்வது எளிதன்று. 1068ஆம் ஆண்டளவில் வீரராசேந்திரன் மீண்டும் கடாரத்தை வென்று, அதனைத் தன்னிடம் அடைக்கலம் புகுந்த மன்னனுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டான். 1090இல் கடாரத்து மன்னனின் வேண்டுகோளின்படி நாகபட்டினத்துப் பௌத்தப் பள்ளிக்குரிய ஊர்களின் உரிமைகளை முதலாம் குலோத்துங்கன் செப்பேட்டில் உறுதிப்படுத்தினான். அவ்வேண்டுகோளைக் கொண்டுவந்த தூதரும் வாடைக்காற்றில் வந்த கலமொன்றிலேயே நாகபட்டினத்தை அடைந்திருப்பர்.